மெலிந்த கிக்கோடு சாம்பிளைக் கலப்பது எப்படி: டிரிகர் வைத்து, இயல்பு கெடாமல்

டிரம்ஸ் ரெக்கார்டிங் முடிந்து, ஆட்கள் கிளம்பி, கிட்டையும் கழற்றிக்கொண்டு போய்விட்ட பிறகுதான் பெரும்பாலும் கிக் மெலிந்திருப்பது தெரியவரும். ஓவர்ஹெட் நன்றாக இருக்கும், ஸ்னேர் நன்றாக இருக்கும், வாசித்தவரும் நன்றாகவே வாசித்திருப்பார். கிக் மட்டும் அட்டைப்பெட்டியைத் தட்டியது போல இருக்கும். இந்த நிலையில் கிக் டிராக்கை மொத்தமாகத் தூக்கிவிட்டு சாம்பிளைப் போடுவது எளிது, கால் மணி நேர வேலை. ஆனால் வாசித்தவரின் கால் அதில் இருக்காது. அசல் கிக்கை வைத்துக்கொண்டு அதற்கு இல்லாததை மட்டும் சாம்பிளிலிருந்து கொண்டுவருவது வேறு வேலை, அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்த சாம்பிள் என்று தேடுவதிலேயே பலருக்கு நேரம் போய்விடுகிறது. என் அனுபவத்தில் இயல்பாக ஒலிப்பதை முடிவு செய்வது அதைவிட இரண்டு விஷயங்கள்: ஒவ்வொரு அடியிலும் சாம்பிள் அசலோடு ஒரே மாதிரி நேரத்தில் விழுகிறதா, இரண்டும் ஒரே வேலையைச் செய்யாமல் வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கின்றனவா. இந்த இரண்டும் சரியாக இருந்தால் சுமாரான சாம்பிளே போதும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டே போவோம். நான்கு பேர் கொண்ட ராக் பேண்ட், நடுத்தர வேகப் பாட்டு. 22 இஞ்ச் கிக், முன்தோலில் ஓட்டை இல்லை, தோலுக்கு வெளியே ஒரே ஒரு டைனமிக் மைக். ரெக்கார்டிங் 48 கிலோஹெர்ட்ஸ். மென்பொருள் ரீப்பர், ஏனென்றால் தேவையான கருவிகள் அதனுடனேயே வருகின்றன. அடியைக் கண்டுபிடித்து அந்த இடத்தில் சாம்பிளை ஒலிக்கவிடும் டிரிகர் ப்ளக்இன் ஒன்றை நீங்கள் தனியாக வாங்கி வைத்திருந்தாலும் யோசிக்கும் முறை இதேதான்.

முதலில்: என்ன இல்லை என்று கண்டுபிடியுங்கள்

சாம்பிளைத் தொடுவதற்கு முன் கிக் டிராக்கையும் ஓவர்ஹெட்டையும் சேர்த்து மோனோவில் கேளுங்கள். கிக் டிராக்கின் பொலாரிட்டியைத் திருப்பிப் பாருங்கள். சில நேரம் கிக் மெலிந்தே இருக்காது, ஓவர்ஹெட்டோடு முட்டிக்கொண்டு அடிப்பகுதி அழிந்துகொண்டிருக்கும், ஒரு பட்டனில் பாதி பிரச்சினை தீர்ந்துவிடும். அப்படித் தீர்ந்துவிட்டால் மீதி வேலை குறைவு.

அப்புறமும் மெலிவாக இருந்தால் எந்த இடத்தில் என்று பாருங்கள். கிக்கின் அடிச்சத்தம் பெரும்பாலும் 50 முதல் 70 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். பீட்டர் தோலில் படும் 'டிக்' சத்தம் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் பக்கம். நடுவில் 300, 400 ஹெர்ட்ஸில் அந்த அட்டைப்பெட்டிச் சத்தம். ஓட்டையில்லாத முன்தோலுக்கு வெளியே மைக் வைத்தால் 'டிக்' குறைந்து போவது வழக்கம். மைக் தள்ளியிருந்தாலோ அறை சிறியதாக இருந்தாலோ அடிச்சத்தமும் போய்விடலாம். நம் உதாரணத்தில் ஓவர்ஹெட்டிலேயே பீட்டர் சத்தம் ஓரளவு நன்றாக விழுந்திருக்கிறது, இல்லாதது அடிப்பகுதி மட்டும் என்று வைத்துக்கொள்வோம். இதைத் தாளில் எழுதி வைத்தாலும் தப்பில்லை, ஏனென்றால் பிற்பாடு சாம்பிளின் கவர்ச்சியில் 'டிக்' சத்தத்தையும் அதிலிருந்தே எடுத்துவிடத் தோன்றும்.

ஸ்பெக்ட்ரம் அனலைசரைப் போட்டு, தனியாக விழும் ஒரு கிக் அடியின் வால் பகுதியைப் பாருங்கள், தொடக்கத்தைப் பார்க்க வேண்டாம். அடித்த கணத்தில் சுருதி கொஞ்சம் மேலே தொடங்கி இறங்கும், வால்தான் டிரம்மின் உண்மையான சுருதி. நம் கிக் 62 ஹெர்ட்ஸில் நிற்கிறது. இந்த எண் பின்னால் வேண்டும்.

அசல் டிராக்கில் போடவிருக்கும் ஹைபாஸ், 350 ஹெர்ட்ஸ் வெட்டு போன்றவற்றை இப்போதே போட்டுவிடுங்கள். ஃபில்டர் ஃபேஸை நகர்த்தும். எல்லாவற்றையும் ஒட்டவைத்த பிறகு ஹைபாஸ் போட்டால் ஒட்டியது மறுபடி விலகும்.

டிரிகருக்கென்று தனி டிராக்

கிக் டிராக்கை நகலெடுத்து, அந்த நகலை மிக்ஸுக்கு அனுப்பாமல் நிறுத்திவிடுங்கள். இது கேட்பதற்கான டிராக் இல்லை, அடி எங்கே என்று சொல்வதற்கான டிராக். கீ டிராக் என்று கூப்பிடுவோம்.

ரெக்கார்டிங்கின்போதே கிக்கின் வளையத்தில் மாட்டும் டிரிகர் மைக் ஒன்றைப் போட்டு, அதைத் தனி டிராக்காக எடுத்திருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். உள்ளே இருக்கும் பீசோ தோலின் அதிர்வை மட்டும்தான் பிடிக்கும், அதனால் ஸ்னேரும் சிம்பலும் அநேகமாக வராது, டிராக்கில் ஊசி ஊசியாகக் கோடுகள்தான் தெரியும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: காற்றில் ஒலி ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லி செகண்ட் ஆகும். பீசோவுக்கு அந்தப் பயணம் இல்லை. ஆகவே மைக் பீட்டரிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் பீசோவின் ஊசி கிக் மைக்கைவிடக் கிட்டத்தட்ட 2 மில்லி செகண்ட் முன்னாடியே வந்து நிற்கும். இந்த வித்தியாசம் பாட்டு முழுக்க மாறாது, பிறகு ஒரே நகர்த்தலில் சரிசெய்துவிடலாம்.

நம் உதாரணத்தில் அது இல்லை. ஒரே மைக், அதற்குள் ஸ்னேர் கசிந்திருக்கிறது. கிக் அடிகளின் உச்சம் -10 டெசிபல், மென்மையான அடிகள் -18. ஸ்னேர் கசிவு -14. அதாவது வெறும் உயரத்தை வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது: எந்த உயரத்துக்கு மேல் அடியென்று எண்ணுவது என்ற எல்லையை, அதாவது த்ரெஷோல்டை, -13க்கு வைத்தால் மென்மையான கிக் எல்லாம் காணாமல் போகும், -20க்கு வைத்தால் ஒவ்வொரு ஸ்னேருக்கும் சாம்பிள் வெடிக்கும்.

எல்லோரும் உடனே செய்வது, கீ டிராக்கில் 100 ஹெர்ட்ஸில் லோபாஸ் போடுவது. ஸ்னேரின் சத்தம் பெரும்பாலும் 150 ஹெர்ட்ஸுக்கு மேல்தான், அதனால் கிக் மட்டும் மிஞ்சும். அடியைக் கண்டுபிடிக்க இது அருமையான வழி. நேரத்தைக் கண்டுபிடிக்க மோசமான வழி, பலருடைய கலவை கெடுவதும் இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரியும் லோபாஸை 100 ஹெர்ட்ஸில் வைத்தால் அடிப்பகுதி சுமார் 4 மில்லி செகண்ட் தாமதமாக வெளியே வரும். இந்தத் தாமதம் எல்லா அடிக்கும் ஒன்றுதான், நகர்த்திச் சரிசெய்யலாம். சரிசெய்ய முடியாதது வேறு. லோபாஸ் போட்ட பிறகு கூர்மையான தொடக்கம் போய்விடுகிறது, அலை மெதுவாகத் தரையிலிருந்து எழுகிறது. த்ரெஷோல்ட் கோடு அப்படியே நிற்க, பலமான அடி அந்தக் கோட்டைச் சீக்கிரம் தொட்டுவிடும், மென்மையான அடி தாமதமாகத் தொடும். 60 ஹெர்ட்ஸ் அலை பூஜ்யத்திலிருந்து உச்சிக்கு ஏறவே 4 மில்லி செகண்ட் எடுக்கும், ஆக அடிக்கு அடி இரண்டு மூன்று மில்லி செகண்ட் முன்பின் ஆவது சர்வசாதாரணம். தாளம் தவறியது போலக் கேட்காது. ஆனால் ஒரு அடியில் அசலும் சாம்பிளும் கூடி நெஞ்சில் இடிக்கும், அடுத்த அடியில் பாதி அழிந்துபோகும். "கிக் சில இடத்தில் கனமாகவும் சில இடத்தில் காலியாகவும் இருக்கிறது, கம்ப்ரசர் போட்டாலும் சரியாகவில்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

தீர்வு, கண்டுபிடிக்கும் வேலையையும் நேரம் குறிக்கும் வேலையையும் பிரித்துவிடுவது. ரீப்பரின் `ReaGate` இதற்குத் தோதாக இருக்கிறது. இது ஒரு கேட், அதாவது த்ரெஷோல்டைத் தாண்டும் ஒலிக்கு மட்டும் கதவு திறக்கும் கருவி. அதில் இருக்கும் `Lowpass` கேட்டின் காதுக்கு மட்டும்தான் வேலை செய்யும், வெளியே வரும் ஒலியைத் தொடாது. `Lowpass`-ஐ 100 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். `Pre-open` என்பதை 8 அல்லது 10 மில்லி செகண்ட் வையுங்கள். `Attack` முடிந்தவரை குறைவாக, `Hold` 30, `Release` 40 மில்லி செகண்ட் பக்கம். இப்போது நடப்பது இது: அடிப்பகுதி வந்ததைப் பார்த்து கேட் "இது கிக்" என்று தாமதமாகத்தான் முடிவு செய்கிறது, ஆனால் `Pre-open` இருப்பதால் கதவு அதற்கு முன்னாடியே திறந்துவிடுகிறது, பீட்டரின் கூர்மையான தொடக்கம் வெட்டுப்படாமல் வெளியே வருகிறது. ஸ்னேருக்குக் கதவு திறப்பதே இல்லை.

உதாரணத்தில் இப்படிக் கேட்கும்போது மென்மையான கிக்குக்கும் ஸ்னேர் கசிவுக்கும் இடையே பத்து டெசிபலுக்கு மேல் இடைவெளி கிடைக்கிறது, அதன் நடுவில் த்ரெஷோல்டை வைத்தால் போதும். ஸ்னேர் அப்போதும் எட்டிப் பார்த்தால் `Lowpass`-ஐ 80, 70 என்று இறக்கிப் பாருங்கள். ஃப்ளோர் டாம்தான் தலைவலி, அதன் சுருதி கிக்குக்குப் பக்கத்திலேயே இருக்கும், அதை எந்த ஃபில்டரும் முழுதாகப் பிரிக்காது. டாம் வரும் இடங்களைக் கையால்தான் பார்க்க வேண்டும்.

டிரிகரை மிடியாக எழுதிவிடுங்கள்

கேட்டுக்கு அடுத்து அதே கீ டிராக்கில் `JS: Audio To MIDI Drum Trigger` போடுங்கள். டிராக்கின் ரெக்கார்ட் பட்டனில் ரைட் க்ளிக் செய்து `Record: output (MIDI)` தேர்ந்தெடுத்து பாட்டை முழுக்க ஒரு முறை ஓட்டுங்கள். அடி எல்லாம் மிடி நோட்டுகளாக வந்து உட்கார்ந்துவிடும்.

ஓடும்போதே நேரடியாக சாம்பிளை அடிக்கவிடுவதைவிட இது ஏன் நல்லது என்றால், மிடியை நீங்கள் பார்க்கலாம், திருத்தலாம், அது நாளைக்கும் அப்படியே இருக்கும். நேரடி டிரிகரில், மிக்ஸ் நடுவே யாரோ கிக் டிராக்கின் அளவை இரண்டு டெசிபல் குறைத்தால் சத்தமில்லாமல் நான்கு அடி காணாமல் போகும்.

ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே டிரிகர் எவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்பதற்கு ஓர் அளவு இருக்கும். 120 வேகத்தில் பதினாறில் ஒரு நோட் 125 மில்லி செகண்ட், 180 வேகத்தில் 83. ஆகவே 50, 60 மில்லி செகண்ட் என்று வைத்தால் வேகமான டபுள் கிக்கும் தப்பிக்கும், ஒரே அடி இரண்டாக எண்ணப்படுவதும் பெரும்பாலும் நின்றுவிடும்.

இப்போது பாட்டை முதலிலிருந்து கடைசிவரை, கிக் அலையையும் மிடியையும் மேலும் கீழுமாக வைத்துப் பாருங்கள். போரடிக்கும் வேலை, ஆனால் இதைத் தாண்டிப் போகக் குறுக்குவழி கிடையாது. காணாமல் போன நோட்டுகளைப் போடுங்கள், ஸ்னேரிலும் டாமிலும் முளைத்ததை அழியுங்கள். சந்தேகமான இடங்கள் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும்: ஃபில்லின் முடிவு, க்ராஷ் சிம்பலோடு சேர்ந்து விழும் கிக், ஸ்னேரும் கிக்கும் ஒன்றாக விழும் இடம், பாட்டின் கடைசி அடி. மிகவும் பெரிதாக்கிப் பார்த்து, நோட்டின் தொடக்கம் பீட்டர் தொடும் முதல் அசைவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று ஒரு பத்து அடிகளில் சோதியுங்கள். எல்லாவற்றிலும் அந்த இடைவெளி ஒன்றாக இருந்தால் போதும், பூஜ்யமாக இருக்க வேண்டியதில்லை. நோட்டுகளை கிரிட்டுக்கு இழுத்துக் குவான்டைஸ் செய்துவிடாதீர்கள். அசல் கிக் நகராமல் சாம்பிள் மட்டும் நகர்ந்தால் இரண்டு கால்கள் கேட்கும்.

சாம்பிளைத் தேர்ந்தெடுப்பதும் சுருதி சேர்ப்பதும்

எல்லாவற்றையும்விட நல்ல சாம்பிள் அதே டிரம்தான். ரெக்கார்டிங் முடிந்ததும் வாசித்தவரைப் பத்து நிமிடம் நிறுத்தி வைத்து, மைக்கைப் பீட்டர் பக்கமோ, முன்தோலைக் கழற்றி உள்ளேயோ வைத்து, மென்மை, நடுத்தரம், பலம் என்று மூன்று வகையில் ஐந்தாறு அடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடியின் வாலும் முழுதாக அடங்கும்வரை யாரும் அசையக் கூடாது. பழைய மைக் இடத்திலேயே எடுத்தால் பயனில்லை, அங்கே எது கிடைக்கவில்லையோ அது மறுபடியும் கிடைக்காது.

அது கையில் இல்லாவிட்டால் நூலகத்திலிருந்து எடுக்கலாம். 22 இஞ்சுக்கு 22 இஞ்ச் தேடுங்கள், அறை எதிரொலி கலக்காத வறண்ட சாம்பிளாக இருக்கட்டும், ஒரே பலத்தில் குறைந்தது மூன்று நான்கு வேறு அடிகளாவது இருக்கட்டும். மிக்ஸ் செய்து பளபளவென்று தீட்டி வைத்த ஒற்றை சாம்பிளைத் தொடாதீர்கள். தனியாகக் கேட்கும்போது பிரமாதமாக இருக்கும், பாட்டில் ஒவ்வொரு அடியும் அச்சில் வார்த்த மாதிரி கேட்கும்.

இப்போது சுருதி. உதாரணத்தில் கிடைத்த சாம்பிளின் வால் 52 ஹெர்ட்ஸ், நம்முடையது 62. சின்ன வித்தியாசம்தானே என்று விடக் கூடாது. இரண்டு சுருதிகளுக்கு நடுவே 10 ஹெர்ட்ஸ் இருந்தால், தொடக்கத்தில் கைகோத்துக்கொண்டு கிளம்பிய இரண்டு அலைகளும் 50 மில்லி செகண்ட் கழித்து நேரெதிராக நிற்கும். கிக்கின் வால் இருநூறு முந்நூறு மில்லி செகண்ட் வரை நீளலாம், அதற்குள் அவை சேர்வதும் அழிப்பதுமாக ஓடும். காதுக்கு அது 'தும்ம்' என்று இல்லாமல் 'தும்-ம்' என்று நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது போலக் கேட்கும். எவ்வளவு தூக்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம்:

```
12 × log2(62 ÷ 52) = 3.05
```

மூன்று செமிடோன். சாம்பிளரில், `ReaSamplOmatic5000` என்றால் அதன் பிட்ச் அமைப்பில், மூன்று செமிடோன் ஏற்றினால் வால் கிட்டத்தட்ட 62க்கு வந்துவிடும். இதற்கு மேல் தூக்கினால் சாம்பிளின் குணமே மாறிவிடும், நான்கு ஐந்து செமிடோன் தேவைப்பட்டால் வேறு சாம்பிளைத் தேடுவதுதான் நல்லது. பாட்டின் ஸ்கேலுக்கு கிக்கைச் சுருதி சேர்க்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த வேலையில் வேண்டாம். நாம் சேரவேண்டியது அசல் கிக்கோடு, அதன் சுருதி ஏற்கனவே ஓவர்ஹெட்டிலும் இருக்கிறது.

ஒட்டவைப்பது

சாம்பிளரின் வெளியீட்டை ஆடியோவாக எழுதிக்கொள்ளுங்கள், அப்போதுதான் கண்ணால் பார்க்க முடியும். சாம்பிளில் என்ன லோபாஸ் போடப்போகிறீர்கள் என்பதையும் எழுதுவதற்கு முன்பே முடிவு செய்து போட்டுவிடுங்கள். காரணம் மேலே சொன்னதுதான், ஃபில்டர் நேரத்தை நகர்த்தும். உதாரணத்தில் நமக்கு வேண்டியது அடிப்பகுதி மட்டும், ஆகவே சாம்பிளில் 150 ஹெர்ட்ஸில் மிதமான சரிவோடு ஒரு லோபாஸ்.

பெரிதாக்கிப் பாருங்கள். அசலின் முதல் பெரிய அசைவு மேலே போகிறதா, கீழே போகிறதா? சாம்பிளும் அதே திசையில் போக வேண்டும், இல்லையென்றால் அதன் பொலாரிட்டியைத் திருப்புங்கள். அதற்கப்புறம் கண்ணை நம்ப வேண்டாம், காதுக்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. இரண்டு டிராக்கும் போகும் பஸ்ஸில் தற்காலிகமாக 120 ஹெர்ட்ஸில் லோபாஸ் போட்டு அடிப்பகுதியை மட்டும் கேளுங்கள். இரண்டின் அளவையும் அங்கே ஏறக்குறையச் சமமாக்குங்கள். சாம்பிளின் பொலாரிட்டியை வேண்டுமென்றே தலைகீழாக்குங்கள். இப்போது சாம்பிள் டிராக்கில் `JS: Time Adjustment Delay` போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள், மைனஸும் போகும். 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மில்லி செகண்ட் என்பது டிஜிட்டல் ஒலியின் 48 சாம்பிள் புள்ளிகள், அவற்றைப் பத்துப் பத்தாக நகர்த்தினால் போதும். ஓரிடத்தில் அடிப்பகுதி சட்டென்று வற்றிப்போகும். அதுதான் இடம். பொலாரிட்டியை மறுபடி நேராக்குங்கள், கிக் நிமிர்ந்து நிற்கும். கூடும் இடத்தைவிட அழியும் இடத்தைக் காது துல்லியமாகப் பிடிக்கும் என்பதால்தான் இப்படித் தலைகீழாகத் தேடுகிறோம்.

எவ்வளவு துல்லியம் தேவை? 62 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 16 மில்லி செகண்ட். சம அளவுள்ள இரண்டு கிக்குகள் சரியாகச் சேர்ந்தால் 6 டெசிபல் கிடைக்கும். 4 மில்லி செகண்ட் விலகினால் 3 டெசிபல்தான். ஐந்தரை மில்லி செகண்ட் விலகினால் சாம்பிள் போட்டதற்கு எந்தப் பயனும் இல்லை, அதற்கு மேல் போனால் சாம்பிள் இருக்கும்போதுதான் கிக் இன்னும் மெலியும். அடிப்பகுதிக்கு ஒரு மில்லி செகண்டுக்குள் இருந்தால் தாராளம். 'டிக்' சத்தத்தையும் சாம்பிளிலிருந்து எடுப்பதாக இருந்தால் கதை வேறு, 3 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுற்றே மூன்றில் ஒரு பங்கு மில்லி செகண்ட்தான், அங்கே இரண்டு 'டிக்'கையும் ஒட்டவைப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அதனால் ஒரு 'டிக்' மட்டும் இருக்கட்டும் என்பது என் கட்சி: சாம்பிளிலிருந்து எடுத்தால் அசலில் அந்த இடத்தை நான்கைந்து டெசிபல் குறைத்துவிடுங்கள்.

இதே நகர்த்தலை வைத்துக்கொண்டு மென்மையான ஒரு பகுதி, பலமான ஒரு பகுதி, ஒரு ஃபில் என்று மூன்று இடத்திலாவது சோதியுங்கள். பலமான இடத்தில் சரியாக இருந்து மென்மையான இடத்தில் விலகினால் டிரிகர் நேரம் இன்னும் ஆடுகிறது என்று பொருள், கேட் அமைப்புக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

ஓவர்ஹெட்டோடு சாம்பிளை ஒட்டவைக்க முயல வேண்டாம். ஓவர்ஹெட்டுக்கு கிக் நான்கைந்து மில்லி செகண்ட் தாமதமாகத்தான் போய்ச் சேரும், அந்தத் தாமதம்தான் அறையின் ஆழம். சாம்பிள் கிக் மைக்கோடு ஒட்டியிருந்தால் ஓவர்ஹெட்டுக்கும் கிக் மைக்குக்கும் இருந்த உறவு அதற்கும் வந்துவிடும்.

பலத்தைப் பின்தொடர விடுவது

டிரிகர் ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு வெலாசிட்டி எழுதியிருக்கும். அதை எல்லாம் 127 ஆக்கிவிட்டால் வெர்ஸில் மெதுவாக வாசித்தவர் மேல் கோரஸ் கிக் உட்கார்ந்துகொள்ளும். அப்படியே விட்டாலும் சரிவராது, ஏனென்றால் கசிவு சேர்ந்த உச்சத்தைத்தான் டிரிகர் அளந்திருக்கிறது, சிம்பலோடு விழுந்த கிக் எல்லாம் கூடுதல் பலமாகப் பதிவாகியிருக்கும்.

நான் செய்வது, பரப்பைச் சுருக்குவது. உதாரணத்தில் 40 முதல் 127 வரை சிதறியிருந்ததை 75 முதல் 112க்குள் கொண்டுவருகிறேன். அடிகளின் வரிசை மாறாது, எது பலமோ அது இன்னும் பலம்தான், ஆனால் ஏற்ற இறக்கம் பாதிக்கும் குறைவாகிவிடுகிறது. அடிப்பகுதி கொஞ்சம் நிலையாக இருந்து, மேலே அசல் மைக்கும் ஓவர்ஹெட்டும் தங்கள் இயல்பான ஏற்ற இறக்கத்தைக் காட்டுவது காதுக்கு இதமாக இருக்கும். வாசித்தவர் வேண்டுமென்றே விட்ட மென்மையான அடிகளை, முக்கியமாகப் பெரிய அடிக்கு முன்னால் வரும் சின்ன அடியை, இன்னும் கீழே விடுங்கள், சில இடத்தில் அந்த நோட்டையே அழித்துவிட்டு அசலைத் தனியாக விட்டால்தான் நன்றாக இருக்கும்.

வெலாசிட்டி மாறும்போது சத்தம் மட்டும் மாறி நிறம் மாறாவிட்டால் அது போலியாகக் கேட்கும். உண்மையான டிரம்மில் மென்மையான அடி இருண்டும் இருக்கும். நம்மைப் போல 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் எடுப்பவர்களுக்கு இது பெரிய கவலை இல்லை. முழு சாம்பிளையும் பயன்படுத்துபவர்களுக்குப் பல அடுக்கு சாம்பிள் கட்டாயம்.

ஒட்டவைத்த பிறகு வெலாசிட்டியை மாற்றினால் சாம்பிளை மறுபடி ஆடியோவாக எழுத வேண்டும். நகர்த்தல் மாறாது, அதே அளவு போதும்.

கலப்பது

இரண்டையும் ஒரே கிக் பஸ்ஸுக்கு அனுப்பி, ஈக்யூவையும் கம்ப்ரசரையும் அந்தப் பஸ்ஸில் போடுங்கள். தனித்தனியாக நசுக்கிய இரண்டு கிக்குகள் எப்போதும் இரண்டாகவே கேட்கும். ஒரே கம்ப்ரசருக்குள் போனால் ஒன்றாக மூச்சு விடும்.

சாம்பிள் ஃபேடரை முழுக்க இறக்கிவிட்டு, பாட்டு முழுதும் ஓடிக்கொண்டிருக்கும்போது, தனியாக சோலோ செய்யாமல், மெதுவாக ஏற்றுங்கள். "சாம்பிள் வந்துவிட்டது" என்று தெரியும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து இரண்டு மூன்று டெசிபல் இறக்குங்கள். பெரும்பாலும் சாம்பிள் அசலைவிட 6 முதல் 10 டெசிபல் கீழே வந்து நிற்கும். இப்போது சாம்பிளை மியூட் செய்தால் கிக் சுருங்கிப்போனது தெரிய வேண்டும். மறுபடி போட்டால் சாம்பிள் ஒன்று இருப்பதே தெரியக் கூடாது. ஒப்பிடும்போது மொத்த சத்தத்தைச் சமமாக்கிக் கேளுங்கள், சத்தமாக இருப்பதெல்லாம் நன்றாக இருப்பது போலத்தான் தோன்றும்.

அசல் டிராக்கில் கடுமையான கேட் போடாதீர்கள். கிக் அடிக்கும்போது மட்டும் கதவு திறந்தால், கசிந்த ஹைஹாட்டும் சிம்பலும் ஒவ்வொரு கிக்கோடும் பளிச்சென்று எட்டிப் பார்த்து மறையும், இயல்பு முதலில் கெடுவது அங்கேதான். அடிப்பகுதிக்கு சாம்பிள் வந்துவிட்டதால் அசலை அவ்வளவு தூக்க வேண்டிய அவசியமே இப்போது இல்லை, கசிவும் தானாகக் குறைந்திருக்கும். தேவைப்பட்டால் ஆறேழு டெசிபல் மட்டும் இறக்கும் மென்மையான கேட் போதும்.

இன்னொரு இடம் அறை. அசல் கிக் ஓவர்ஹெட்டிலும் ரூம் மைக்கிலும் இருக்கிறது, சாம்பிள் இல்லை. சாம்பிளின் அளவு குறைவாக இருக்கும்வரை அசலின் அறையே இரண்டையும் மூடிவிடும். அளவு கூடக்கூட சாம்பிள் மட்டும் வெற்றிடத்தில் நிற்பது போலக் கேட்கத் தொடங்கும். அப்போது ஸ்னேருக்குப் போட்டிருக்கும் அதே குட்டி ரூம் ரிவெர்புக்குக் கிக் பஸ்ஸிலிருந்து கொஞ்சம் அனுப்பிப் பாருங்கள், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ரிவெர்புக்குள் போகாமல் வெட்டிவிட்டு.

கடைசியாக, பேஸ் கிட்டாரோடு சேர்த்துக் கேளுங்கள். கிக்கின் வால் பேஸ் நோட்டுக்குள் நீண்டுகொண்டிருந்தால் சாம்பிளின் வாலை மட்டும் சுருக்குங்கள், அசலின் வாலை விட்டுவிடலாம். பிறகு மோனோவில், சின்ன ஸ்பீக்கரில், பக்கத்தில் பேச்சு கேட்கும் அளவுக்குக் குறைந்த சத்தத்தில் ஒருமுறை. அங்கே கிக் இன்னும் காணவில்லை என்றால் 62 ஹெர்ட்ஸை ஏற்றிப் பயனில்லை, அந்த ஸ்பீக்கரில் அது வரவே வராது. அசலில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸை இரண்டு டெசிபல் தூக்கினால் வந்துவிடும்.

எங்கே இது உதவாது

ஜாஸ் வாசிப்பவர்கள் கிக்கை நான்கு பீட்டிலும் இறகால் தொடுவது போல மெதுவாக வாசிப்பார்கள், கேட்பதைவிட உணர்வதற்காக. அந்த அடிகள் கசிவுக்குக் கீழே இருக்கும், டிரிகர் பாதியைத்தான் பிடிக்கும், பிடித்ததும் கிக்காகத் தனியே துருத்திக்கொண்டு நிற்கும். பிரஷ் வாசிப்புக்கும் இதே நிலைமை. அங்கே ஈக்யூவும் பொறுமையும்தான் வழி.

ஓவர்ஹெட்டில் கிக் சுத்தமாக இல்லாத ரெக்கார்டிங்கும் உண்டு, வாசித்தவர் கிக்கை மெதுவாகவும் சிம்பலை ஓங்கியும் அடித்திருப்பார். அதில் சாம்பிளை எவ்வளவு அழகாக ஒட்டினாலும், அறையில் இல்லாத ஒரு கிக் நடுவில் மட்டும் கேட்கும். அதில் சாம்பிளின் அளவை எதிர்பார்ப்பைவிடக் குறைத்து, ஓவர்ஹெட்டில் சிம்பலைக் கொஞ்சம் அடக்கி, மெலிந்த கிக்கோடு ஓரளவு சமாதானம் செய்துகொள்வது நல்லது. பீட்டரைத் தோலிலேயே அழுத்திவைத்து வாசிப்பவர்களின் டிராக்கில், அழுத்திய பீட்டர் துள்ளி இரண்டாவது சின்ன அடி ஒன்று 50, 60 மில்லி செகண்ட் தள்ளி விழும். டிரிகர் அதையும் அடியென்று எண்ணும். அங்கே மட்டும் டிரிகர் கண்ணை மூடும் நேரத்தை 80 மில்லி செகண்டுக்கு ஏற்றிவிட்டு, வேகமான டபுள் அடிகளைக் கையால் சேர்த்துக்கொள்ளுங்கள்.